‘மேடே’ அழைப்பு: படகில் இருந்து ரேடியோவில் சொல்வது எப்படி?

கன்னியாகுமரிக்குத் தென்கிழக்கே 12 கடல் மைல். ஐந்து பேர் இருக்கும் படகுக்குள் வேகமா தண்ணீர் ஏறுது. கையில் இருப்பது வி.எச்.எஃப் ரேடியோ. இப்போ என்ன செய்யணும்?

முதல்ல சேனல் 16. உலகம் முழுக்க ஆபத்துக்கும், முதல் அழைப்புக்கும் இதுதான். இன்னொரு படகைக் கூப்பிடவும் இதைத்தான் பயன்படுத்துவாங்க. பதில் வந்ததும் வேறு சேனலுக்கு மாறிப் பேசணும். அரட்டையை 16-லேயே தொடர்ந்தா, அந்த நேரம் யாரோ ஒருத்தரோட உதவிக் குரல் அமுங்கிப்போகும்.

அடுத்து, பவரை முழுசா, அதாவது 25 வாட்டில் வைக்கணும். மைக் பொத்தானை அழுத்தி, நிதானமா இப்படிச் சொல்லணும்:

“மேடே, மேடே, மேடே. இது கடல்ராணி, கடல்ராணி, கடல்ராணி. மேடே, கடல்ராணி. எங்கள் இடம் வடக்கு 7 டிகிரி 55 நிமிடம், கிழக்கு 77 டிகிரி 40 நிமிடம். படகில் தண்ணீர் ஏறுகிறது, மூழ்குகிறோம். உடனே மீட்பு தேவை. ஐந்து பேர், லைஃப் ஜாக்கெட் போட்டிருக்கிறோம். ஓவர்.”

படகுக்கு கால் சைன் இருந்தா பெயரோடு சேர்த்துச் சொல்லணும். பெயர் முடிஞ்ச உடனே இடம் வருவதுக்குக் காரணம் உண்டு. பாதியில் பேட்டரி போனாலும் தேடி வர அது ஒண்ணு போதும்.

பலர் தப்பு செய்வதும் இங்கேதான். போன் மேப் 7.917 என்று காட்டும். அதை ‘7 டிகிரி 91 நிமிடம்’ என்று வாசிக்கக் கூடாது. 60-க்கு மேல் நிமிடமே கிடையாது. புள்ளிக்குப் பின்னால் உள்ளதை, அதாவது 0.917-ஐ, 60-ஆல் பெருக்கினா 55 நிமிடம். கணக்குப் போட நேரமில்லையா? ‘ஏழு புள்ளி ஒன்பது ஒன்று ஏழு டிகிரி’ என்றே சொல்லிடுங்க. ஒரு நிமிடம் வடக்கு-தெற்கில் ஒரு கடல் மைல். 7.55 டிகிரியை 7 டிகிரி 55 நிமிடம்னு சொன்னா, மீட்புக் கப்பல் 22 மைல் தள்ளிப் போய்த் தேடும்.

சொல்லி முடிச்சதும் பொத்தானை விட்டே ஆகணும். அழுத்தியே வெச்சிருந்தா பதில் காதுல விழாது, மத்தவங்களுக்கும் சேனல் அடைபடும். பதில் இல்லைன்னா திரும்பச் சொல்லுங்க. சிவப்பு ‘டிஸ்ட்ரெஸ்’ பொத்தான் உள்ள டி.எஸ்.சி ரேடியோவில் மூடியைத் திறந்து சில விநாடி அழுத்தினா, சேனல் 70 வழியா எச்சரிக்கை தானாகப் போகும். ஜி.பி.எஸ் இணைச்சிருந்தா இடமும் கூடவே போகும். அதுக்கப்புறமும் 16-ல் பேசத்தான் வேணும்.

இன்ஜின் நின்னுபோச்சு, ஆனா உயிருக்கு உடனடி ஆபத்து இல்லைன்னா ‘மேடே’ வேண்டாம், ‘பான்-பான்’ மூணு தடவை. அதே படகு பாறையை நோக்கி அடிச்சுட்டுப் போனா மேடேதான்.

இந்த ரேடியோ அலை கிட்டத்தட்ட நேர்கோட்டில்தான் போகும். இரண்டு சிறு படகுகளுக்கு நடுவே சில மைல், கரையில் உயரமான கோபுரம் இருந்தா 20, 25 மைல். 2017 ஒக்கி புயலில் ஆழ்கடலில் சிக்கின படகுகள் பலவற்றுக்கு கரை எட்டாததும் இதனால்தான். அவ்வளவு தூரத்துக்கு சாட்டிலைட் கருவி வேணும். இல்லைன்னா, கேட்கும் தூரத்தில் உள்ள இன்னொரு படகு ‘மேடே ரிலே’ என்று சொல்லி அழைப்பைக் கரைக்குக் கடத்தணும்.