வாடகை வீடும் ஆதார் முகவரியும்

போச்சம்பள்ளி சிப்காட்டிலோ, மின் ஸ்கூட்டர் ஆலையிலோ வேலை கிடைத்து வரும் இளைஞர் முதலில் தேடுவது தங்குவதற்கு ஒரு இடம். ஆலைகள் வந்தபின் சுற்றுப்பட்ட ஊர்களில் நாலு போர்ஷன் கட்டி வாடகைக்கு விடுவது விவசாயத்தோடு சேர்ந்த இன்னொரு வருமானமாகிவிட்டது. கட்டியவர் கடன் வாங்கிக் கட்டியிருப்பார். மாதாமாதம் வாடகை வருமா, வீட்டைப் பாழாக்காமல் வைத்திருப்பார்களா என்று அவர் கவலைப்படுவது நியாயம்தான். முதல் கவலைக்குப் பதில் வருமானத்தில் இருக்கிறது. இரண்டாவதற்குப் பதில், வருபவர் முன்பு குடியிருந்த வீட்டில் இருக்கிறது. இரண்டையும் விசாரிக்க வீட்டுக்காரருக்கு உரிமை உண்டு. அதில் நமக்கு எந்த மறுப்பும் இல்லை.

நாம் பேச வந்தது, இந்த இரண்டு விசாரணைக்குள் ஒளிந்து வரும் மூன்றாவது விசாரணையைப் பற்றி. "எந்த ஊருப்பா?" என்று ஆரம்பிக்கும். ஊர்ப் பெயரைச் சொன்னால், "ஊருக்குள்ளயா, அந்தப் பக்கமா?" என்று தொடரும். சாதி என்ற சொல்லை யாரும் உச்சரிக்க மாட்டார்கள். கேட்கிற கூச்சம் இருப்பவருக்கு ஆதார் அட்டை கைகொடுக்கிறது. அதன் பின்பக்கம் முகவரி. அந்த முகவரியில் 'ஆதிதிராவிடர் காலனி' என்றோ வெறுமனே 'காலனி' என்றோ அச்சாகியிருந்தால் போதும், வேறெதுவும் கேட்கத் தேவையில்லை. 'காலனி' என்ற சொல் அரசு ஆவணங்களிலிருந்து நீக்கப்படும் என்று முதலமைச்சர் 2025 ஏப்ரல் 29 அன்று சட்டமன்றத்தில் அறிவித்தார். அறிவிப்பு நல்லதுதான். ஆனால் கையில் இருக்கும் பழைய அட்டை தானாக மாறிவிடாது. பன்னிரண்டு இலக்க எண்ணில் முதல் எட்டை மறைத்துத் தரும் ஆதார் நகலும் இங்கே உதவாது. அது எண்ணை மறைக்கும், முகவரியை மறைக்காது.

ஆகவே எந்தத் தாளை எப்போது கேட்பது என்பதிலேயே நியாயம் தொடங்குகிறது. இவர்தான் அவர் என்று தெரிந்துகொள்ளப் பான் அட்டையோ கம்பெனி அடையாள அட்டையோ போதும். பான் அட்டையில் முகவரி கிடையாது. வருமானத்துக்குச் சம்பள ரசீதும் வங்கிப் பாஸ்புக்கும் போதும். வீடு இவருக்குத்தான் என்று முடிவு செய்த பிறகு, ஒப்பந்தம் எழுதவும் காவல் நிலையத்தில் தகவல் கொடுக்கவும் ஆதாரை வாங்கிக்கொள்ளலாம். முடிவுக்கு முன்னால் அந்த முகவரி வீட்டுக்காரருக்கு எதற்கும் பயன்படாது. பயன்படுகிறது என்றால், எதற்காக என்று நமக்குத் தெரியும்.

வருமானத்தைப் பார்க்கும் முறைக்கு வருவோம். ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்பது எளிது. வாடகை 4,500 ரூபாய், தண்ணீர், மின்சாரம் சேர்த்து 500 என்று வைத்துக்கொள்வோம். மாதம் 5,000. கைக்கு வரும் சம்பளம் இதைப்போல மூன்று மடங்காவது இருக்க வேண்டும் என்று வீட்டுக்காரர் விதி வைக்கிறார். அதாவது 15,000. டூலெட் பலகையை மாட்டும் முன்பே இதை ஒரு நோட்டில் எழுதி வைக்கிறார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கான்ட்ராக்ட் தொழிலாளி ஒருவர் வருகிறார். அவருடைய பாஸ்புக்கில் கடைசி மூன்று மாதமும் ஏறியிருக்கும் சம்பளம் 14,200, 16,900, 15,100. ஓவர்டைம் கூடும் மாதம் கூடும், குறையும் மாதம் குறையும். கடைசியாக வந்த 15,100 மட்டும் பார்த்தால் மயிரிழையில் தேறுகிறார். 14,200 வந்த மாதத்தை மட்டும் விரல் வைத்துக் காட்டினால் தேறமாட்டார். மூன்றையும் கூட்டினால் 46,200, சராசரி 15,400. தேறிவிட்டார். அன்று மாலையில் நிரந்தரத் தொழிலாளி ஒருவர் வருகிறார், சம்பளம் 22,000. திங்கட்கிழமை வீட்டுக்காரருக்குத் தெரிந்தவரின் மகன் வருகிறான். சொந்தமாகக் கடை வைத்திருக்கிறான், ரசீது எதுவும் கிடையாது, "நல்லா ஓடுதுண்ணே" என்கிறான்.

எழுதிவைத்த விதிப்படி, தேறியவர்களில் முதலில் வந்தவருக்கு வீடு. ஞாயிறு காலை வந்த கான்ட்ராக்ட் தொழிலாளிக்குத்தான் சாவி போக வேண்டும். நடைமுறையில் என்ன நடக்கிறது? அவரிடம் குறைந்த மாதத்தைக் காட்டி, "இது போதாதேப்பா" என்பார்கள். ரசீதில் ஆலையின் பெயர் இல்லாமல் கான்ட்ராக்டர் பெயர் இருப்பதால் போலி என்பார்கள். ஜாமீனுக்கு ஆள் கேட்பார்கள், அட்வான்ஸை இரட்டிப்பாக்குவார்கள். கடைக்காரப் பையனிடம் ஒரு தாளும் கேட்கமாட்டார்கள். "நம்ம பையன்தானே."

இந்தச் சலுகையைத்தான் கூர்ந்து கவனிக்க வேண்டும். பாகுபாடு எப்போதும் கதவைச் சாத்தும் சத்தத்தோடு வருவதில்லை. ஒருவருக்கு விதியை முழுசாகப் பிடித்துக்கொண்டு இன்னொருவருக்குத் தளர்த்திவிடுவதாகவும் வரும். விதி காகிதத்தில் எல்லோருக்கும் ஒன்றாகவே இருக்கும். விலக்கு மட்டும் ஒரு தெருவுக்கே போய்ச் சேரும். கடைக்காரரிடம் ரசீது இல்லை என்பது உண்மை. அதற்கும் வழி உண்டு. அதே மூன்று மாத வங்கிக் கணக்கு, கூகுள் பே, போன்பே வரவு, அதில் சரக்கு வாங்கிய பணத்தைக் கழித்து மிஞ்சுவது. அதே 15,000 அளவுகோல். இரண்டு பேர் சேர்ந்து தங்கினால் இருவர் சம்பளத்தையும் கூட்டலாமா என்பதையும் முதலிலேயே தீர்மானித்துவிட வேண்டும். ஒரு ஜோடிக்குக் கூட்டி, அடுத்த ஜோடிக்குக் கூட்டாமல் விடுவது எந்தக் கணக்கிலும் சேராது.

கான்ட்ராக்டர் பெயரில் வரும் ரசீது போலியா என்ற சந்தேகமும் தீர்க்கக்கூடியதே. ரசீதில் கைக்கு வரும் தொகை என்று போட்டிருப்பதும், அதே மாதம் வங்கியில் ஏறியதும் ஒத்துப்போகிறதா என்று பார்த்தால் போதும். இன்னும் ஐயம் இருந்தால் பி.எஃப். பாஸ்புக்கைத் தொழிலாளியே தன் போனில் திறந்து காட்டுவார். அதில் மாதாமாதம் பணம் கட்டப்பட்டிருந்தால் வேலை உண்மை. ஆனால் ஒருவரிடம் அதைக் கேட்டால் எல்லோரிடமும் கேட்க வேண்டும்.

முன்பு குடியிருந்த வீட்டைப் பற்றி விசாரிப்பது இதைவிடச் சிக்கல். பழைய வீட்டுக்காரருக்குப் போன் போட்டால் பேச்சு எங்கேயோ போய்விடும். கேட்க வேண்டியவை கொஞ்சம்தான்: எத்தனை மாதம் இருந்தார், வாடகை எத்தனை முறை தாமதமானது, காலி செய்தபோது அட்வான்ஸில் எதற்காவது பிடித்தீர்களா. "ஆள் எப்படி?" என்ற கேள்வியைக் கேட்கவே கூடாது. அந்தக் கேள்விக்கு வரும் பதிலில் ஆளைவிட அவர் சாதிதான் அதிகம் இருக்கும். இன்னொரு சங்கதி. இப்போது குடியிருக்கும் வீட்டின் உரிமையாளர் சொல்வதை அப்படியே நம்பவும் முடியாது. தொல்லை கொடுப்பவரைக் கழற்றிவிட நினைப்பவர் வாயாரப் புகழ்வார். நல்ல குடித்தனக்காரரை விட மனமில்லாதவர் குறை சொல்வார். அதற்கும் முந்தைய வீட்டுக்காரருக்கு இரண்டு ஆசையும் இல்லை, அவர் பேச்சில் உண்மை கூடுதலாக இருக்கும்.

பாலிடெக்னிக்கோ ஐ.டி.ஐ.யோ முடித்து முதல் வேலைக்கு வரும் மாணவருக்குப் பழைய வீடே கிடையாது. ஊரில் அப்பா வீடு, அல்லது விடுதி. அதை அவர் மீதான குறையாக எழுதக் கூடாது. வாடகை வீட்டில் இருந்ததே இல்லை என்பது வேறு, வாடகை பாக்கி வைத்தார் என்பது வேறு. முதல்முறை வருபவருக்கு வருமானத்தை மட்டும் பார்ப்பது என்று விதி வைத்தால், அது எல்லா முதல்முறைக்காரருக்கும் பொருந்தட்டும். மாணவர்களுக்கு நாம் சொல்வது இதுதான். முதல் மாதத்திலிருந்தே வாடகையை வங்கி வழியாகக் கொடுங்கள், குறிப்பில் 'மார்ச் வாடகை' என்று மாதத்தைப் போடுங்கள். காலி செய்யும்போது பாக்கி இல்லை என்று இரண்டு வரி எழுதி வாங்குங்கள். அடுத்த ஊரில் உங்களைப் பற்றிப் பேச யாருடைய வாயையும் நம்பியிருக்க வேண்டியதில்லை.

இதெல்லாம் நம் கற்பனை என்பவர்கள் உண்டு. சுகதேவ் தோரட்டும் அவருடைய குழுவினரும் 2012இல் டெல்லியிலும் அதைச் சுற்றியுள்ள நகரங்களிலும் இதைச் சோதித்தார்கள். வேலையும் படிப்பும் ஒத்த நிலையில் உள்ளவர்களாகக் காட்டி, பெயரை மட்டும் மாற்றி, வாடகை விளம்பரம் கொடுத்தவர்களுக்குப் போன் செய்தார்கள். உயர்சாதிப் பெயரோடு கேட்டவர்களுக்கு வரவேற்பு. தலித் பெயரோடு கேட்டவர்களில் நூற்றுக்குச் சுமார் 18 பேருக்கு நேரடி மறுப்பு, இன்னும் பலருக்குக் கூடுதல் நிபந்தனைகள். முஸ்லிம் பெயருக்கு மறுப்பு அதைவிட அதிகம். 2015இல் 'எகனாமிக் அண்ட் பொலிட்டிகல் வீக்லி' இதழில் இந்த ஆய்வு வெளிவந்தது. போனில் சம்பள ரசீதை யாரும் பார்க்கவில்லை. கேட்டது பெயரை மட்டும்.

சட்டம் என்ன சொல்கிறது? குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம், 1955இன் 4ஆவது பிரிவு, தீண்டாமையின் பேரில் எந்தப் பகுதியிலும் ஒருவர் வீட்டில் குடியிருப்பதைத் தடுப்பதையும் குற்றம் என்கிறது. குறைந்தது ஒரு மாதம், அதிகம் ஆறு மாதம் சிறை. நம் வாசகர்கள் அறிய வேண்டியது 12ஆவது பிரிவு. பட்டியல் சாதியைச் சேர்ந்தவர் மீது இந்தச் சட்டப்படியான குற்றம் நடந்தால், அது தீண்டாமையின் பேரில்தான் நடந்தது என்று நீதிமன்றம் எடுத்துக்கொள்ளும். இல்லை என்று காட்டும் பொறுப்பு எதிர்த்தரப்பின் மேல். இந்த இடத்தில்தான் அந்த நோட்டுக்கு மதிப்பு வருகிறது. யார் எப்போது வந்தார், மூன்று மாதச் சராசரி என்ன, என்ன காரணத்தால் கொடுக்கவில்லை என்று வந்த எல்லோருக்கும் எழுதிவைத்த வீட்டுக்காரருக்குக் காட்ட ஒரு பதில் இருக்கிறது. "ஏதோ தோணுச்சு, கொடுக்கல" என்பவருக்கு எதுவும் இல்லை. நேர்மையாக வீடு விடுகிறவரையும் அந்த நோட்டுதான் காக்கும்.

நடைமுறையில் வழக்கு நிற்பது எளிதல்ல என்பதையும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். தடுக்கப்பட்டது என்பதை முதலில் புகார் கொடுப்பவர்தான் நிறுவியாக வேண்டும். "வீடு முடிஞ்சிடுச்சுப்பா" என்ற ஒரு வாக்கியத்தை வைத்துக்கொண்டு அதைச் செய்ய முடியாது. வீடு முடிந்தது என்றார்களா, அடுத்த வாரமும் பலகை தொங்குகிறதா என்று பாருங்கள். தொங்கினால் தேதி தெரியும்படி ஒரு படம் எடுங்கள். அதே சம்பளம் உள்ள நண்பரை வேறு எண்ணிலிருந்து கேட்கச் சொல்லுங்கள். என்ன வாடகை, என்ன அட்வான்ஸ், என்ன தாள் அவரிடம் கேட்டார்கள் என்று இருவரும் அன்றைக்கே எழுதிவையுங்கள். வாட்ஸ்அப்பில் வந்த பதிலை அழிக்காதீர்கள். இவ்வளவும் கையில் இருந்தால் காவல் நிலையத்திலும், மாநில ஆதிதிராவிடர் பழங்குடியினர் ஆணையத்திலும் பேச முடியும். வன்கொடுமைத் தடுப்புக்கான தேசிய உதவி எண் 14566, கட்டணம் இல்லை.