"சர்டிபைடு" மொழிபெயர்ப்பு என்ற பெயரில் விற்கப்படும் சிவப்பு முத்திரை

ரெஜிஸ்டர் ஆபீஸ் வாசலிலோ கோர்ட் வாசலிலோ போய் நின்றால் ஜெராக்ஸ் கடைக்குப் பக்கத்தில் கட்டாயம் ஒரு போர்டு தொங்கும். "இங்கு சர்டிபைடு டிரான்ஸ்லேஷன் செய்து தரப்படும்." உள்ளே போய்க் கேட்டால், டைப் அடித்த ஒரு தாள், அதன் மேல் நோட்டரியின் சிவப்பு ஸ்டிக்கர், வட்ட முத்திரை, ஒரு கிறுக்கல் கையெழுத்து. பார்க்க ரொம்ப கெத்தாக இருக்கும். அமெரிக்க குடியேற்றத் துறை கேட்கும் சங்கதி மட்டும் அதில் பெரும்பாலும் இருக்காது. என் கோபம் எல்லாம் இதன் மேல்தான்.

அமெரிக்க விதி என்ன கேட்கிறது? பிறமொழியில் இருக்கும் எந்த ஆவணத்தைக் கொடுத்தாலும் அதன் முழு ஆங்கில மொழிபெயர்ப்பையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். மொழிபெயர்த்தவர் இரண்டு விஷயங்களுக்குச் சான்று தர வேண்டும்: இந்த மொழிபெயர்ப்பு முழுமையானது, சரியானது என்பது ஒன்று. இந்த மொழியிலிருந்து ஆங்கிலத்துக்கு மொழிபெயர்க்கும் தகுதி எனக்கு இருக்கிறது என்பது இன்னொன்று. கீழே பெயர், கையெழுத்து, முகவரி, தேதி போட்டால் முடிந்தது. அந்த விதியைத் தலைகீழாகப் படித்தாலும் "நோட்டரி" என்ற வார்த்தை கிடையாது மக்களே!

காமர்ஸ் படிக்கிற ஆசாமி என்பதால் எனக்கு இப்படித்தான் புரிகிறது. ஒரு கம்பெனியின் கணக்கு அறிக்கையில் ஆடிட்டர் கையெழுத்துப் போட்டால், அந்தக் கணக்குப் பற்றிய கருத்துக்கு அவர் பொறுப்பு. அதே அறிக்கையை ஜெராக்ஸ் எடுத்து "உண்மை நகல்" என்று ஒருவர் முத்திரை குத்தினால், நகல் சரி என்பதற்கு மட்டும்தான் அவர் பொறுப்பு. வெளிநாட்டு அலுவலகம் தேடுவது முதல் ஆளை. கடைக்காரர் நமக்கு விற்பது இரண்டாம் ஆளை.

"தம்பி, நோட்டரிக்கு அந்த அதிகாரம் சட்டத்திலேயே இருக்கு" என்று யாராவது பின்னூட்டத்தில் வருவீர்கள், தெரியும். இருக்கிறதுதான். 1952ஆம் வருஷத்து நோட்டரிகள் சட்டத்தின் 8ஆம் பிரிவு, ஆவணங்களை மொழிபெயர்ப்பதையும் மொழிபெயர்ப்பைச் சரிபார்ப்பதையும் நோட்டரியின் வேலைகளில் ஒன்றாகவே சொல்கிறது. ஆனால் சரிபார்ப்பது என்றால் இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வரிக்கு வரி படிப்பது. ஒரு நிமிஷத்தில் பத்து தாளுக்கு முத்திரை விழும் இடத்தில் அது நடக்கிறது என்று யாரும் என் காதில் பூ சுற்ற வேண்டாம்.

எங்கள் தெரு அக்கா ஒருவரின் விஷயம் இது. பெயர் கோமதி என்று வைத்துக்கொள்வோம். வீட்டுக்காரரோடு அமெரிக்காவில் இருக்கிறார், கிரீன் கார்டுக்கு விண்ணப்பித்தார்கள். அக்காவின் பிறப்புச் சான்றிதழ் 1980களில் நகராட்சி கொடுத்தது, முழுக்கத் தமிழ், பேனாவில் எழுதியது. அந்தக் காலத்து வழக்கப்படி குழந்தை பெயர் என்ற கட்டம் காலி. பிறந்த உடனே பதிவு, பெயர் பிறகு வைத்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார்கள். அம்மா இங்கே ஒரு கடையில் கொடுத்து மொழிபெயர்த்து வாங்கினார். கடைக்காரர் என்ன செய்தார் தெரியுமா? "பெயர் இல்லாம அனுப்பினா ரிஜெக்ட் பண்ணுவாங்கம்மா" என்று சொல்லி, காலிக் கட்டத்தில் பெயரை அவரே சேர்த்து டைப் அடித்துவிட்டார். மேலே நோட்டரி முத்திரையும் ஜம்மென்று விழுந்தது.

தமிழ் தெரியாத அதிகாரி எப்படிக் கண்டுபிடிப்பார்? இதற்குத் தமிழ் எதற்கு! அசலில் கட்டம் வெள்ளையாக இருக்கிறது, மொழிபெயர்ப்பில் அதே கட்டத்தில் பெயர் இருக்கிறது. அசலில் இரண்டு முத்திரை, ஓரத்தில் ஒரு குறிப்பு. மொழிபெயர்ப்பில் ஒன்றுமே காணோம். எண்ணத் தெரிந்தால் போதும்.

அதோடு தேதி. அசலில் 05-08 என்று இருந்ததை அப்படியே அடித்திருந்தார்கள். நமக்கு அது ஆகஸ்ட் 5, அமெரிக்காவில் மே 8. பிறகு பெயர் எழுத்து. பாஸ்போர்ட்டில் கோமதி "ஜி"யில் தொடங்குகிறது, கடைக்காரர் "கே"யில் தொடங்கினார். தமிழில் ஒரே "கோ"தான், ஆங்கிலத்தில் இரண்டு ஆள் ஆகிவிடுகிறார்கள். கூடுதல் ஆதாரம் கேட்டுக் கடிதம் வந்தது. இந்த மாதிரிக் கடிதத்துக்குப் பதில் சொல்ல அதிகபட்சம் 12 வாரம்தான் தருவார்கள். அதற்குள் இங்கே அம்மா ஆபீஸ் ஆபீஸாக அலைந்தார்.

சரியான மொழிபெயர்ப்பு எப்படி இருந்திருக்க வேண்டும்? காலிக் கட்டத்துக்கு "வெற்றிடம்" என்று அடைப்புக்குள் எழுத வேண்டும். முத்திரை இருந்தால் "முத்திரை" என்று போட்டு அதில் உள்ள வாசகத்தை மொழிபெயர்க்க வேண்டும். படிக்க முடியாவிட்டால் "தெளிவில்லை" என்று நேர்மையாகச் சொல்ல வேண்டும். பின்பக்கம் எழுத்து இருந்தால் அதுவும் உண்டு. மாதத்தை எழுத்தில் எழுத வேண்டும். பெயருக்கு பாஸ்போர்ட் எழுத்துக்கூட்டலைப் பார்த்துப் போட வேண்டும். அசலில் இருக்கும் குறையை மொழிபெயர்ப்பில் சரி செய்யவே கூடாது. குறையைச் சரி செய்யும் இடம் பதிவாளர் அலுவலகம். அங்கே பெயர் சேர்க்க முடியாமல் போனால், பிறப்பை நேரில் அறிந்த பெரியவர்களின் பிரமாணப் பத்திரமும் பள்ளிச் சான்றிதழும் இணைக்கலாம். அக்கா கடைசியில் இந்த இரண்டாவது வழியில்தான் போனார். புது மொழிபெயர்ப்பை ஓய்வுபெற்ற ஆங்கில வாத்தியார் ஒருவர் செய்து, தகுதிச் சான்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். நோட்டரி இல்லை, ஸ்டிக்கர் இல்லை. ஏற்றுக்கொண்டார்கள்.

அதற்காக எல்லா நாட்டுக்கும் வாத்தியார் போதும் என்று கிளம்பிவிடாதீர்கள். பிரிட்டன் விசாவுக்கு, மொழிபெயர்த்தவரின் உறுதிமொழி, தேதி, முழுப்பெயர், கையெழுத்து, தொடர்பு விவரம் எல்லாம் இருக்க வேண்டும். கனடாவில் தொழில்முறைச் சங்கத்தின் சான்று பெறாத மொழிபெயர்ப்பாளர் என்றால், அவர் பிரமாணம் செய்து அஃபிடவிட் தர வேண்டும். இந்த ஒரு இடத்தில் நோட்டரிக்கு நிஜமாகவே வேலை உண்டு, அதுவும் மொழிபெயர்ப்பாளரைப் பிரமாணம் செய்ய வைக்க. சித்தப்பா பையன் ஆங்கிலம் நன்றாக எழுதுவான் என்று கனடாவுக்கு அவனை எழுத வைக்கக் கூடாது, உறவினர் மொழிபெயர்ப்பு அங்கே செல்லாது. ஜெர்மனி இன்னும் கறார். அங்குள்ள அலுவலகங்கள் பொதுவாகக் கேட்பது ஜெர்மன் நீதிமன்றத்தில் உறுதிமொழி எடுத்த மொழிபெயர்ப்பாளரை. நம் ஊரில் அப்படி ஒரு பதவியே கிடையாது.

இன்னொரு கூத்து அப்போஸ்டில். இந்தியாவில் இது 2005 ஜூலையிலிருந்து இருக்கிறது. "அப்போஸ்டில் வாங்கிட்டோம், இனி மொழிபெயர்ப்பு எதுக்கு" என்பவர்களும் உண்டு. அது ஆவணத்தில் உள்ள அரசு அதிகாரியின் கையெழுத்தும் முத்திரையும் உண்மை என்று மட்டும் சொல்லும். உள்ளே எழுதியிருப்பது உண்மை என்றோ அதன் ஆங்கிலம் சரி என்றோ சொல்லாது.

மொழிபெயர்ப்பே தேவைப்படாத நேரமும் உண்டு, இதை எந்தக் கடைக்காரரும் வாய் திறந்து சொல்ல மாட்டார். இப்போது தமிழ்நாட்டில் வரும் பிறப்புச் சான்றிதழில் தமிழும் ஆங்கிலமும் சேர்ந்தே இருக்கும். எல்லாக் கட்டத்திலும் ஆங்கிலம் இருந்தால் அந்தத் தாளே போதும். குறிப்பு என்ற கட்டத்தில் தமிழில் மட்டும் ஏதாவது எழுதியிருந்தால்தான் மொழிபெயர்ப்பாளரைத் தேட வேண்டும். போன மாதம் எங்கள் கிளாஸ் பையன் ஒருவன், முழுக்க ஆங்கிலத்தில் இருந்த தன் மார்க் ஷீட்டுக்கே "சர்டிபைடு டிரான்ஸ்லேஷன்" போட்டுக்கொண்டு வந்து நின்றான். எந்த மொழியிலிருந்து எந்த மொழிக்குடா என்று கேட்டேன், முழித்தான். முத்திரை மட்டும் பளபளவென்று இருந்தது.