மூளைப் படத்தில் வெண்விரல்கள்



கோவை உக்கடத்தைச் சேர்ந்த சகோதரர் ஒருவர் சென்ற மாதம் இரண்டு எம்.ஆர்.ஐ. படங்களுடன் என்னைக் காண வந்தார். ஒன்று 28 வயதான அவருடைய தங்கையுடையது. மற்றொன்று 65 வயதான அத்தாவுடையது. இரண்டு அறிக்கைகளிலும் மூளையின் நீரறைகளை ஒட்டி வெண்மை தெரிவதாக எழுதியிருந்தது. இருவருக்கும் ஒரே நோயா என்று கலங்கினார். நரம்பியல் மருத்துவர் ஒருவரிடம் அவருடன் நானும் சென்றேன். அவர் விளக்கியதை உங்களுக்கும் சொல்கிறேன்.

நரம்பிழைகளைப் போர்த்தியிருக்கும் மயலின் உறை அழிந்த இடத்தில் நீர்ச்சத்து மிகும். சாதாரண டி-2 படத்தில் நீர் வெண்மையாகத் தெரியும். நீரறையும் வெண்மை, அதன் ஓரத் தழும்பும் வெண்மை. வெள்ளை வேட்டியில் பட்ட சுண்ணாம்பை எப்படிக் கண்டுபிடிப்பது? ஃபிளேர் முறை நீரறைத் திரவத்தின் ஒளியை மட்டும் அடக்கிவிடுகிறது. அறை கருத்துவிடுவதால் அருகிலுள்ள தழும்பு பளிச்சென்று தெரிகிறது.

தங்கையின் படத்தில் முட்டை வடிவான ஐந்து தழும்புகள் இருந்தன. ஒவ்வொன்றும் 3 மில்லிமீட்டருக்குக் குறையாதவை. இடைவெளியின்றி நீரறைச் சுவரைத் தொட்டவை. சுவருக்குச் செங்குத்தாக நீண்டவை. பக்கவாட்டு வெட்டில் பார்த்தபோது விரல்களை விரித்து வைத்தாற்போல் மேல்நோக்கி நின்றன. நீரறையை நோக்கி வரும் சிற்றிரத்தக்குழாய்களைச் சுற்றி அழற்சி பரவுவதால்தான் இந்த வடிவம். இதை விரிவாக எழுதிய டாசனின் பெயரால் 'டாசன் விரல்கள்' என்பர். எடின்பரோவில் அவர் அதை வெளியிட்டது 1916இல், அவரிடம் எம்.ஆர்.ஐ. இல்லை, இறந்தோரின் மூளைத் திசுக்களே இருந்தன.

அத்தாவின் படத்தில் வெண்மை வேறுவிதமாக இருந்தது. சேலைக் கரைபோல் மெல்லிய கோடு நீரறையின் ஓரமாக ஓடியது. முனைகளில் இருபுறமும் ஒரே அளவான தொப்பிகள். சுவரைத் தொடாமல் உள்ளே தள்ளிச் சில புள்ளிகள். கோடும் தொப்பியும் முதுமையில் பலருக்கும் காணப்படுபவை. புள்ளிகளோ நெடுநாள் இரத்த அழுத்தம் சிறு நாளங்களில் விட்ட தடம் என்றார் மருத்துவர்.

ஆயினும் விரல்களைக் கண்டவுடன் தங்கைக்கு மல்டிபிள் ஸ்கிளீரோசிஸ் என்று முடிவு கட்ட மருத்துவர் இசையவில்லை. 2017 நெறிமுறை நான்கு இடங்களை எண்ணுகிறது: நீரறை ஓரம், மூளைப் புறணியும் அதன் ஓரமும், மூளைத்தண்டும் சிறுமூளையும் அடங்கிய கீழ்ப்பகுதி, தண்டுவடம். இவற்றில் இரண்டிலாவது தழும்பு காணப்பட வேண்டும். பின்னர் 2024 திருத்தம் கண் நரம்பையும் ஐந்தாவது இடமாகச் சேர்த்தது. சென்ற ஆண்டு ஒரு கண் வலித்து மங்கிப் பின் தெளிந்ததைத் தங்கை அப்போதுதான் சொன்னார். வீட்டில் அதைக் கண்ணாடிக் கோளாறு என்றே எண்ணியிருந்தனர்! மூளைத்தண்டு, சிறுமூளைத் தழும்புகளை ஃபிளேர் தவறவிடக்கூடும் என்பதால் மருத்துவர் டி-2 படத்தையும் மறுபடி பார்த்தார். தழும்பு புதியதா பழையதா என்பதையும் ஃபிளேர் சொல்லாது. அதற்குக் காடோலினியம் மருந்தேற்றிப் படமெடுக்க வேண்டும்.

தங்கைக்குத் தண்டுவடப் படமும் இரத்தத்தில் பி-12 சோதனையும் எழுதித் தந்தார். அத்தாவுக்கு இரத்த அழுத்த மாத்திரையை நேரந்தவறாமல் உண்ணும்படி கூறி அனுப்பினார்.