பதினைந்து பெயர்கள், ஒரே கடனாளியா? இயக்குநர் பட்டியல் காட்டும் தடம்

மாயாபந்தர்: அந்தமான் நிகோபார் மாநிலக் கூட்டுறவு வங்கியின் கடன் முறைகேடு வழக்கில் 2025 ஜூலை இறுதியில் அமலாக்கத் துறை அந்தமானிலும் கொல்கத்தாவிலும் சோதனை நடத்தியது. விதிகளைப் புறக்கணித்துச் சுமார் 15 நிறுவனங்களுக்குக் கடன் வழங்கப்பட்டதாகவும், அவற்றின் பலன் முன்னாள் மக்களவை உறுப்பினர் குல்தீப் ராய் சர்மாவுக்குச் சென்றதாகவும், அந்தத் தொகை 200 கோடி ரூபாயைத் தாண்டும் என்றும் அத்துறை குற்றஞ்சாட்டியது. வங்கியின் நிர்வாகப் பொறுப்பில் இருந்தவரான அவரை அதே ஆண்டு செப்டம்பரில் கைது செய்தது. இவை விசாரணை அமைப்பின் குற்றச்சாட்டுகள். இறுதி முடிவு நீதிமன்றத்தினுடையது.

ஆனால் வழக்கின் முடிவுக்குக் காத்திராமல் எழுப்பக்கூடிய கேள்வி ஒன்று உண்டு. வெவ்வேறு பெயர், வெவ்வேறு தொழில், வெவ்வேறு முகவரியுடன் பதினைந்து விண்ணப்பங்கள் வரும்போது, அவை பதினைந்து கடனாளிகளா அல்லது ஒரே கடனாளியா என்பதை எவ்வாறு அறிவது?

தலைநகர் ஸ்ரீ விஜயபுரத்திலிருந்து சாலை வழியாகச் சுமார் 240 கிலோமீட்டர் வடக்கே உள்ள மாயாபந்தரில் இந்த வங்கிக்குக் கிளை உண்டு. மீனவர்கள், விவசாயிகள், அரசு ஊழியர்கள் ஆகியோரின் சேமிப்பு அங்கே குவிகிறது. இத்தகைய சிறு ஊரில் எந்தக் கடை யாருடையது என்பதை ஊரே அறியும். கடன் கோப்பு மட்டும் அதை அறியாது. கோப்பில் இருப்பது பெயரும் கையெழுத்தும்தான். ஒரே கடனாளி பல பெயர்களில் வாங்கியிருந்தால், ஒருவருக்கு அல்லது ஒரு குழுவுக்கு இவ்வளவுதான் தரலாம் என்ற உச்சவரம்பு காகிதத்தில் மீறப்படாமலே மீறப்படும். ஒருவர் நொடித்தால் அத்தனை கடன்களும் ஒரே நாளில் நொடிக்கும். வைப்பாளருக்குக் காப்பீடு தரும் பாதுகாப்போ ஆளுக்கு 5 லட்சம் ரூபாய் வரைதான்.

நிறுவனங்களின் உறவைக் கண்டறியும் மிகப் பழைய வழி, அவற்றின் இயக்குநர் குழுக்களை அருகருகே வைத்துப் பார்ப்பது. அமெரிக்க நாடாளுமன்றத்தின் பூஜோ குழு 1913-இல் இதைச் செய்தது. ஜே.பி.மார்கன் நிறுவனத்தின் பங்குதாரர்களும் அதனோடு நெருங்கிய சில வங்கிகளின் இயக்குநர்களும் சேர்ந்து 112 நிறுவனங்களில் 341 இயக்குநர் இடங்களை வகித்ததை அக்குழு எண்ணிக் காட்டியது. இந்தியாவில் தொழில் குழுமங்களின் எல்லையை வரைய முயன்ற ஆர்.கே.ஹசாரியின் 1966-ஆம் ஆண்டு ஆய்வு, இத்துறையில் இன்றும் பேசப்படுகிறது.

அன்று அச்சிட்ட ஆண்டறிக்கைகளைப் புரட்டிச் செய்த வேலையை இன்று எளிதாக்கியிருப்பது 8 இலக்க இயக்குநர் அடையாள எண். 2006-ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்தின் வழியே வந்த இந்த எண் ஒருவருக்கு ஒன்றுதான் இருக்க முடியும். இதன் அருமை பெயர்களை ஒப்பிட்டுப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். தமிழரும் வங்காளியரும் தெலுங்கரும் கலந்து வாழும் அந்தமானில் ஒரே பெயர் நான்கு விதமாக ஆங்கிலத்தில் எழுதப்படும். ஒரே பெயரில் நாற்பது பேரும் இருப்பர். பெயர் பொருந்துவது ஐயத்தைத் தரலாம். எண் பொருந்துவதே ஆதாரம். மத்திய நிறுவன விவகார அமைச்சகத்தின் இணையதளத்தில் நிறுவனத்தின் பெயரைக் கொண்டு அதன் இயக்குநர்களையும், இயக்குநரின் எண்ணைக் கொண்டு அவர் இருக்கும் மற்ற நிறுவனங்களையும் காணலாம். நிறுவனம் தாக்கல் செய்த படிவங்களைப் பார்க்க 100 ரூபாய் கட்டணம்.

நடைமுறை எப்படி என்பதைக் கற்பனையான எடுத்துக்காட்டு ஒன்றால் பார்க்கலாம். ஒரு வங்கியில் ஐந்து நிறுவனங்கள் தலா 8 கோடி ரூபாய் கடன் பெற்றுள்ளன என்று கொள்வோம். மீன் நிறுவனத்தின் இயக்குநர்கள் 'அ', 'ஆ'. மர நிறுவனத்தில் 'ஆ', 'இ'. விடுதி நிறுவனத்தில் 'ஈ', 'உ'. கட்டுமான நிறுவனத்தில் 'உ', 'ஊ'. படகு நிறுவனத்தில் 'எ', 'ஏ'. மீனும் மரமும் 'ஆ' என்பவரால் இணைகின்றன; விடுதியும் கட்டுமானமும் 'உ' என்பவரால் இணைகின்றன. படகு தனித்து நிற்கிறது. மேலோட்டமாகப் பார்க்கும் அதிகாரி, 16 கோடி வீதம் இரண்டு குழுக்கள், 8 கோடிக்கு ஒரு தனி நிறுவனம் என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடுவார்.

அங்கே நிற்பதுதான் வழக்கமான பிழை. அடுத்த படி, இந்த எட்டுப் பேரின் எண்களையும் ஒவ்வொன்றாக இட்டு, கடன் பட்டியலில் இல்லாத நிறுவனங்களையும் சேகரிப்பது. அப்போது ஆறாவதாக ஒரு நிறுவனம் தென்படுகிறது. அது எந்தக் கடனும் வாங்கவில்லை. பெயருக்கு ஒரு வணிகம், மூலதனம் ஒரு லட்சம். அதன் இயக்குநர்கள் 'இ', 'ஈ'. மீன்-மரம் ஒரு பக்கமும் விடுதி-கட்டுமானம் மறுபக்கமும் இந்த ஒரு பாலத்தால் இணைகின்றன. கடன் பதிவேட்டை மட்டும் வைத்துத் தேடியவருக்கு இந்தப் பாலம் கண்ணில் படவே படாது.

எஞ்சியது படகு. இன்றைய பட்டியலில் அதற்கு எவரோடும் உறவில்லை. ஆனால் இயக்குநர் சேர்ந்தாலும் விலகினாலும் 30 நாட்களுக்குள் DIR-12 என்ற படிவத்தை நிறுவனம் தாக்கல் செய்ய வேண்டும். அந்தப் பழைய படிவங்களைத் திறந்தால், கடன் விண்ணப்பத்துக்கு மூன்று வாரம் முன்பு வரை அதன் இயக்குநராக இருந்தவர் 'அ' என்பதும், அவர் விலகிய நாளில் 'ஏ' வந்தமர்ந்தார் என்பதும் தெரிகின்றன. இப்போது ஐந்தும் ஒரே வலையில் உள்ளன. வங்கியின் ஆபத்து எட்டு எட்டாக ஐந்து அல்ல, ஒரே இடத்தில் 40 கோடி.

தேதிகளின் முக்கியத்துவத்துக்கு நிஜ வழக்கு ஒன்றும் உண்டு. ஐ.சி.ஐ.சி.ஐ. வங்கியின் முன்னாள் தலைமை நிர்வாகி சந்தா கோச்சாரின் கணவர் தீபக் கோச்சாரும், வீடியோகான் குழுமத்தின் வேணுகோபால் தூத்தும் 2008 டிசம்பரில் நூபவர் ரினியூவபிள்ஸ் நிறுவனத்தைத் தொடங்கினர். 2009 ஜனவரியில் தூத் அதன் இயக்குநர் பொறுப்பிலிருந்து விலகினார். அதே ஆண்டு செப்டம்பரில் வீடியோகான் குழும நிறுவனம் ஒன்றுக்கு வங்கி 300 கோடி ரூபாய்க் கடனை வழங்கியது. மறுநாள் தூத்தின் நிறுவனம் ஒன்றிலிருந்து 64 கோடி நூபவருக்குச் சென்றது என்பது விசாரணை அமைப்புகளின் குற்றச்சாட்டு. கோச்சார் தம்பதியர் தவறு எதையும் ஒப்புக்கொள்ளவில்லை. இங்கு கவனிக்க வேண்டியது ஒன்றே. கடன் கைமாறிய நாளில் நூபவரின் இயக்குநர் பட்டியலைப் பார்த்தவருக்குத் தூத்தின் பெயர் கிடைத்திருக்காது. ஏழெட்டு மாதம் பின்னோக்கிப் பார்த்திருந்தால் கிடைத்திருக்கும்.

எதிர்த்திசைத் தவறும் நிகழ்கிறது, இணைப்பு இருப்பதாலேயே குற்றம் இருப்பதாக எண்ணிவிடுவது. கம்பெனிச் சட்டத்தின் 165-ஆம் பிரிவு ஒருவர் 20 நிறுவனங்கள் வரை இயக்குநராக இருக்க அனுமதிக்கிறது. கடன் கொடுத்த நிதி நிறுவனம் நியமித்த இயக்குநர், பெரிய நிறுவனங்களின் சுயேச்சை இயக்குநர், நிறுவனங்களைப் பதிவு செய்து தருவதையே தொழிலாகக் கொண்ட பட்டயக் கணக்காளர் ஆகியோர் பல குழுக்களில் இடம்பெறுவது இயல்பு. நம் எடுத்துக்காட்டின் 'இ' என்பவர் 18 நிறுவனங்களில் அமர்ந்திருக்கும் கணக்காளராக இருந்தால், ஆறாவது நிறுவனம் என்ற பாலம் வலுவிழக்கிறது. அவர் இரண்டே நிறுவனங்களில் மட்டும் இருந்தால் அது கனமான சான்று.

ஆகவே ஆய்வாளர்கள் ஒவ்வொரு இணைப்புக்கும் எடை தருகின்றனர். ஒருவர் எத்தனை குழுக்களில் இருக்கிறாரோ அதிலிருந்து ஒன்றைக் கழித்து, ஒன்றை அந்த எண்ணால் வகுக்கின்றனர். இரு நிறுவனங்களில் மட்டும் இருப்பவர் தரும் இணைப்பின் எடை 1. பதினெட்டில் இருப்பவருடையது பதினேழில் ஒரு பங்கு. இரண்டு இயக்குநர்கள் பொதுவாக இருந்தால் எடைகள் கூட்டப்படும். எளிய கணக்கு. ஆனாலும் பத்திரிகைகளில் அவ்வப்போது வரும் 'சிலந்தி வலை' வரைபடங்கள் பலவற்றில் இந்தக் கழிவு செய்யப்படுவதில்லை என்பதால், நேர்மையான கணக்காளர் ஒருவர் வலையின் நடுவே சிலந்தியாகக் காட்சி தருகிறார்.

எடை கூடிய இணைப்பும் தனித்து நிற்கக் கூடாது. ஒரே பதிவு முகவரி, ஒரே மின்னஞ்சல், ஒரே தணிக்கையாளர், அடுத்தடுத்த நாட்களில் பதிவு ஆகியவற்றில் இரண்டாவது சேரும்போது ஐயம் உறுதிப்படுகிறது. கடனுக்கு ஈடாக வைக்கப்பட்ட சொத்தை நிறுவனம் அமைச்சகத்தில் பதிவு செய்ய வேண்டும். அந்தப் பதிவில் கடன் கொடுத்த வங்கியின் பெயரும் தொகையும் இருக்கும். வெவ்வேறு நிறுவனங்களின் கடனுக்கு ஒரே நிலத்துண்டு ஈடாக வந்திருந்தால், இயக்குநர் பட்டியல் சொன்னதை நிலமும் சொல்கிறது.

இந்த முறைக்குக் கடினமான எல்லைகள் இரண்டு. முதலாவது, பெயருக்கு அமர்த்தப்படும் இயக்குநர்கள். ஓட்டுநரும் அலுவலக உதவியாளரும் ஆளுக்கு ஒரு நிறுவனத்தில் கையெழுத்திட்டால் பொதுவான இயக்குநரே இருக்கமாட்டார். 2017-இல் செயல்படாத 2 லட்சத்துக்கும் மேற்பட்ட நிறுவனங்களின் பதிவை மத்திய அரசு நீக்கி, சுமார் 3 லட்சம் இயக்குநர்களைத் தகுதியிழக்கச் செய்தது. நிறுவனத்தைத் தம் பிடியில் வைத்திருக்கும் உண்மையான உரிமையாளரை அறிவிக்கச் சொல்லும் 90-ஆவது பிரிவு இந்த ஓட்டையை அடைக்க வந்ததுதான். ஆயினும் அந்த அறிவிப்பைத் தர வேண்டியவர்கள் மறைக்க விரும்பும் தரப்பினரே.

இரண்டாவது எல்லை அந்தமான் போன்ற இடங்களில் கூடுதலாக உறுத்தும். அமைச்சகத்தின் பதிவேட்டில் கம்பெனிகளும் வரையறுத்த பொறுப்புக் கூட்டாண்மைகளும் மட்டுமே உள்ளன. தனிநபர் நிறுவனங்களும் சாதாரணக் கூட்டு நிறுவனங்களும் அங்கே கிடையாது. தீவின் சிறு வணிகத்தில் பெரும்பகுதி இந்த வடிவங்களில்தான் நடக்கிறது. அங்கே இயக்குநர் எண்ணுக்குப் பதிலாக ஜி.எஸ்.டி. எண் உதவுகிறது. 15 இடங்கள் கொண்ட அந்த எண்ணின் மூன்றாவது முதல் பன்னிரண்டாவது இடம் வரை உரிமையாளரின் வருமான வரி நிரந்தரக் கணக்கு எண் அப்படியே பதிந்திருக்கும். மூன்று கடைகளின் பெயர்ப்பலகை வேறாக இருக்கலாம். அவற்றின் ரசீதுகளில் அந்தப் பத்து இடங்களும் ஒன்றாக இருந்தால் உரிமையாளர் ஒருவரே. அதன் நான்காவது எழுத்து P என்றால் தனிநபர், F என்றால் கூட்டு நிறுவனம், C என்றால் கம்பெனி. கூட்டு நிறுவனமாயின் பங்குதாரர்களின் பெயரைக் கூட்டாண்மை ஒப்பந்தத்தில்தான் தேட வேண்டும். அந்த ஒப்பந்தத்தின் நகலோ கடன் கொடுத்த வங்கியின் கோப்பிலேயே இருக்கிறது.