உடைந்த முத்திரையும் பொருந்தாத இலக்கமும்

“முத்திரை உடைக்கப்பட்ட பெட்டி திருப்பி ஏற்கப்படமாட்டாது.” இணையவழியில் கைபேசி விற்கும் கடைகள் பலவற்றின் பற்றுச்சீட்டின் அடியில் பொடி எழுத்தில் காணப்படும் வாசகம் இது. படிக்கும்போது நியாயமாகத்தான் தோன்றும். ஆனால் ஏமாற்றுகிறவனுக்கு இதைவிடப் பாதுகாப்பான கேடயம் வேறில்லை என்பதே என் வாதம்.

வெள்ளவத்தையில் இருக்கும் என் மைத்துனர் கடந்த ஒக்டோபரில் புதிய ஐபோன் 15 ஒன்றை இணையவழியில் வாங்கினார். பெட்டியின் மேலுறை பளபளத்தது, முத்திரை குலையவில்லை. இரண்டு நாள் கழித்து, தற்செயலாகப் பெட்டியின் பின்புறத்திலிருந்த தொடரிலக்கத்தையும் கைபேசியின் அமைப்புகளில் தெரிந்ததையும் ஒப்பிட்டார். இரண்டும் வேறு. கைபேசியில் கண்ட இலக்கத்தை checkcoverage.apple.com தளத்தில் இட்டபோது, ஓராண்டு உத்தரவாதம் அடுத்த மார்ச்சில் முடிவதாகக் காட்டியது. அதாவது, அந்தக் கைபேசி ஏழு மாதங்களுக்கு முன்னரே எவரோ ஒருவரால் இயக்கப்பட்டிருக்கிறது. மின்கலத்துக்குரிய பக்கமோ அது 214 முறை மின்னேற்றச் சுற்றை முடித்திருப்பதாகச் சொன்னது. கடைக்காரரின் பதில் ஒரே வரி: “முத்திரையை உடைத்துவிட்டீர்களே, ஐயா.”

இலக்கம் கைபேசிக்குள் இருக்கிறது. பெட்டியைத் திறக்காமல் அதை எவரும் பார்க்க முடியாது. பார்ப்பதற்காகத் திறந்தால் உரிமை போய்விடும். திறக்காமல் விட்டால் மோசடி தெரியாது. இதன் பெயர் வியாபார விதியா, பொறியா? பிளாஸ்டிக் மேலுறையைச் சுற்றி வெப்பமூட்டி ஒட்டச் சிறியதொரு கருவி போதும். ஆகவே முத்திரை எதற்கும் சாட்சியல்ல. சாட்சி சொல்வது இலக்கம். ஐ.எம்.இ.ஐ எனப்படும் 15 இலக்க எண் கைபேசியின் மூலப்பலகையோடு பிணைந்தது. அதே எண்ணே தொழிற்சாலையில் பெட்டியிலும் அச்சாகிறது. இரண்டும் பொருந்தவில்லையென்றால், ஒன்று பெட்டி வேறொரு கைபேசியினுடையது. அல்லது பலகை மாற்றப்பட்டிருக்கிறது. எதுவாயினும் “புத்தம் புதியது” என்ற சொல் பொய்.

எனவே பொதியைப் பிரிக்கும்போதே, விலாசச் சீட்டிலிருந்து தொடங்கி இடைவெட்டின்றி ஒளிப்பதிவு செய்யுங்கள். சிம் அட்டையை இடவேண்டாம். உங்கள் கணக்கையும் திறக்கவேண்டாம். ஐபோனில் வரவேற்புத் திரையிலேயே “i” என்ற குறியைத் தொட்டால் இலக்கங்கள் தெரியும். ஏனைய கைபேசிகளில் அழைப்புத் திரையில் *#06# என்று அழுத்தலாம். பெட்டி, திரை, பற்றுச்சீட்டு ஆகிய மூன்றையும் ஒரே பதிவில் காட்டுங்கள். இரட்டைச் சிம் கைபேசிக்கு இரண்டு ஐ.எம்.இ.ஐ உண்டு, வரிசை மாறியிருப்பதைக் கண்டு பதறவேண்டாம். பற்றுச்சீட்டில் மட்டும் ஓர் இலக்கம் பிசகியிருந்தால் அது எழுதியவரின் தவறாகவும் இருக்கலாம். பெட்டியும் திரையும் முரண்பட்டால் அந்தச் சமாதானம் செல்லாது.

இலக்கங்கள் பொருந்திவிட்டாலும் உத்தரவாதத் திகதியைப் பார்க்கத் தவறாதீர்கள். பாவித்த கைபேசி அதன் சொந்தப் பெட்டியிலேயே திரும்பி வரக்கூடும். தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவின் 1909க்கு IMEI என்று எழுதி, ஓர் இடைவெளி விட்டு, எண்ணைக் குறுஞ்செய்தியாக அனுப்பிச் சரிபார்க்கும் வழி இலங்கையில் உண்டு. ஆனால் அது எண்ணின் பதிவைப் பற்றியதே. கைபேசி புதியதா என்பதற்கு அது பதிலல்ல.

பிசகு தெரிந்தால் கடையோடு தொலைபேசியில் வாதாடாமல் அன்றே எழுத்தில் முறையிடுங்கள். கடன் அட்டையில் செலுத்தியிருந்தால் வங்கியிடம் அக்கொடுப்பனவை ஆட்சேபியுங்கள். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம், வாங்குபவரைத் தவறாக வழிநடத்தும் வியாபாரத்தைத் தடைசெய்கிறது. விற்பனை நடந்து மூன்று மாதங்களுக்குள் முறைப்பாடு எழுத்தில் சேரவேண்டும். விசாரணையின் பின் பொருளை மாற்றித் தரவோ பணத்தைத் திருப்பித் தரவோ பணிக்கும் அதிகாரம் சபைக்கு உண்டு. பிரித்தானியாவிலுள்ளோர் 2015ஆம் ஆண்டின் நுகர்வோர் உரிமைச் சட்டத்தின்படி, சொன்னதற்கு மாறான பொருளை 30 நாட்களுக்குள் நிராகரித்து முழுப் பணத்தையும் கேட்கலாம்.

என் மைத்துனரிடம் ஒளிப்பதிவு இல்லை. ஆனால் உத்தரவாதத் திகதி இருந்தது; அதைத் திருத்தக் கடைக்காரரால் முடியாது. அதன் பிரதியோடு, அதிகார சபைக்கு எழுதிய முறைப்பாட்டின் பிரதியும் போய்ச் சேர்ந்த ஐந்தாம் நாள், “நல்லெண்ண அடிப்படையில்” பணம் திரும்பியது. நல்லெண்ணமாம்! ஏழு மாதம் பாவித்த பொருளைப் புதியதென்று விற்றபோது அந்த நல்லெண்ணம் எங்கே போயிருந்தது?