பாறையைச் சோதிக்காமல் அணையில் நீரைத் தேக்கக்கூடாது

அணையில் தேங்கும் நீர் வெளியேற இரண்டு வழிகள் உண்டு. ஒன்று அணையின் உடல். மற்றொன்று அணை உட்கார்ந்திருக்கும் பாறையும், அதன் இரு முனைகளும் முட்டி நிற்கும் கரை மலைகளும். முதல் வழியை மனிதன் கட்டுகிறான். மண்ணின் தரம், கான்கிரீட்டின் வலிமை எல்லாம் அவன் கையில் இருக்கின்றன. இரண்டாவது வழி பல லட்சம் ஆண்டுகளுக்கு முன்பே அமைந்துவிட்டது. குளிர்ந்து இறுகியபோது வெடித்த எரிமலைப் பாறை, நீரில் கரைந்து குகையான சுண்ணாம்புப் பாறை, நிலம் நகர்ந்தபோது நொறுங்கிய பிளவு மண்டலம் என எதன்மீது அணை எழுகிறது என்பதைத் தோண்டிப் பார்த்துத்தான் அறிய முடியும். பார்த்ததை அடைக்காமல் விட்டாலோ, அடைத்ததைச் சோதிக்காமல் நம்பினாலோ என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவின் டீட்டன் அணை நிலையான சாட்சி.

இடாஹோ மாநிலத்தின் கிழக்கில் டீட்டன் ஆற்றின் குறுக்கே அந்நாட்டின் நடுவண் பாசனத் துறையான பியூரோ ஆஃப் ரெக்ளமேஷன் கட்டிய அணை அது. ஆற்றுப் படுகையிலிருந்து சுமார் 93 மீட்டர் உயரமான மண் அணை. 1972இல் வேலை தொடங்கி, 1975 அக்டோபர் 3 அன்று நீர் தேக்க ஆரம்பித்தார்கள். 1976 ஜூன் 5 அன்று, முதல் முறையாக நிரம்பும் நிலையிலேயே அது உடைந்தது. 11 பேர் இறந்தனர். ஆயிரக்கணக்கான கால்நடைகள் மாண்டன. வில்ஃபோர்ட், சுகர் சிட்டி, ரெக்ஸ்பர்க் ஆகிய ஊர்கள் வெள்ளத்தில் சிக்கின.

அந்த இடத்துப் பாறை ரையோலைட் என்னும் எரிமலைப் பாறை. அதில் பிளவுகள் அதிகம். மேற்பகுதியில் மிக அதிகம். இது யாருக்கும் தெரியாத ரகசியம் அல்ல. கட்டுமானத்துக்கு முன்பே, 1969இல், சோதனை முறையில் துளையிட்டுச் சிமெண்ட் கலவையைச் செலுத்திப் பார்த்திருந்தார்கள். மேலே சுமார் 21 மீட்டர் வரையுள்ள பாறை எவ்வளவு கலவையையும் விழுங்கிவிடும், அதை அடைப்பது கட்டுப்படியாகாது என்று அந்தச் சோதனை சொன்னது. எனவே இரு கரைகளிலும் அந்த ஆழத்துக்கு ஆழமும் குறுகலுமான அகழி வெட்டி, அணையின் நீர் புகாத உட்கருவை அதற்குள் இறக்கி, அகழியின் அடியிலிருந்து கீழ்நோக்கிக் கலவைத் திரை அமைக்கத் தீர்மானித்தார்கள். 1974இல் வலது கரையில் அகழி வெட்டியபோது ஆள் நுழையும் அளவுக்கு அகன்ற பிளவுகள் சில தென்பட்டன. கலவையின் செலவு, முதலில் மதிப்பிட்டதைவிட ஏறக்குறைய இரு மடங்காகப் போனது. இந்த மலை நீரைத் தாங்காது என்பதைப் பாறை திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டே இருந்தது.

கலவை செலுத்துதல், அதாவது கிரௌட்டிங், என்ன செய்கிறது, என்ன செய்யாது என்பதை இங்கே தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். அணையின் அச்சுக்கோட்டை ஒட்டி வரிசையாகத் துளையிடுவார்கள். முதலில் அகன்ற இடைவெளியில் துளைகள். அவற்றில் சிமெண்டும் நீரும் கலந்த குழம்பை அழுத்தத்தில் செலுத்துவார்கள். பிறகு ஒவ்வோர் இடைவெளிக்கும் நடுவில் இரண்டாம் சுற்றுத் துளை, அதற்கும் நடுவில் மூன்றாம் சுற்று என்று நெருக்கிக்கொண்டே போவார்கள். முதல் சுற்றுத் துளைகள் நிறையக் குடிக்கும். அடுத்தடுத்த சுற்றுகளில் குடிக்கும் அளவு குறைந்துகொண்டே வர வேண்டும். கடைசிச் சுற்றுத் துளையும் முதல் துளை அளவுக்குக் குடித்தால், பிளவுகள் இன்னும் அடைபடவில்லை என்று பொருள். அங்கே வேலையை முடிப்பது ஏமாற்று.

அடைபட்டதா என்பதைத் துல்லியமாக அறிய லூஜியான் சோதனை இருக்கிறது. சுவிஸ் நிலவியலாளர் மாரிஸ் லூஜியான் வகுத்த முறை இது. துளையின் ஒரு பகுதியை மேலும் கீழும் அடைத்து, அதற்குள் 10 பார் அழுத்தத்தில் தண்ணீரைச் செலுத்துவார்கள். துளையின் ஒரு மீட்டர் நீளத்துக்கு ஒரு நிமிடத்தில் ஒரு லிட்டர் நீர் உள்ளே போனால் அது ஒரு லூஜியான். கலவை செலுத்துவதற்கு முன்னும் பின்னும் இதே சோதனையைச் செய்தால், திரை எந்த ஆழத்தில் இறுகியிருக்கிறது, எங்கே ஓட்டை விட்டிருக்கிறது என்பது எண்ணாகவே தெரிந்துவிடும்.

இதிலும் எல்லைகள் உண்டு. பிளவு செங்குத்தாக இருந்து துளையும் செங்குத்தாக இருந்தால் இரண்டும் சந்திக்காமலே போகலாம். ஆகவே பிளவுகள் ஓடும் திசையை நிலவியலாளர் வரைந்து கொடுத்த பிறகே துளையின் சாய்வை முடிவு செய்ய வேண்டும். களிமண் நிரம்பிய பிளவில் சிமெண்ட் புகாது. பிற்பாடு நீரின் அழுத்தத்தில் அந்தக் களிமண் கரைந்து வழி திறக்கலாம். மிக நுண்ணிய பிளவில் சிமெண்ட் துகள்களே நுழையா. அழுத்தத்தைக் கூட்டினால் பாறையே மேலே தூக்கிப் பிளந்துகொள்ளும் ஆபத்து இருக்கிறது. மேற்பரப்புக்கு அருகே மேலே பாரம் இல்லாததால் அதிக அழுத்தமும் கொடுக்க முடியாது. எனவே அணையின் மண்ணைத் தொடும் மேல்பாறைதான் அடைப்பதற்கு மிகக் கடினமான இடம். டீட்டன் உடைந்தது அந்த இடத்தில்தான்.

அணையின் உட்கரு காற்றால் படிந்த வண்டல் மண்ணால் ஆனது. ஒட்டும் தன்மை மிகக் குறைவு. ஓடும் நீர் பட்டால் எளிதில் அரிபடும். அந்த மண் அகழிக்குள் பிளவுபட்ட பாறையை நேராகத் தொட்டு நின்றது. அகழியின் சுவர்களில் தெரிந்த பிளவுகளைக் கான்கிரீட்டாலும் குழம்பாலும் முழுவதும் பூசி மூடவில்லை. மண்ணுக்கும் பாறைக்கும் நடுவில், நீரை விட்டு மண்ணைப் பிடித்து நிறுத்தும் மணல் வடிகட்டியும் இல்லை. குறுகிய அகழியின் செங்குத்தான சுவர்கள் மண்ணின் பாரத்தைத் தாங்கிக்கொண்டதால் அடிமண் போதிய அளவு அமுங்கவில்லை. நீரின் அழுத்தத்தில் அது விரிசல் விட வாய்ப்பிருந்தது. திரை ஆழத்தில் பல இடங்களில் இறுகியிருந்தாலும், அதன் உச்சிக்கு அருகே நீர் நுழைய வழி இருந்தது.

எச்சரிக்கைகளும் வந்தன. நீர் தேங்கத் தொடங்கியபின், சுற்றியிருந்த கண்காணிப்புக் கிணறுகளில் நிலத்தடி நீர் எதிர்பார்த்ததைவிட வேகமாக ஏறியது. நீர்மட்டம் நாளுக்கு ஓரடி மட்டும் உயர வேண்டும் என்பது தொடக்க விதி. வசந்த காலத்தில் பனி உருகி ஆறு பெருகியபோது, முதன்மையான வெளியேற்று மதகு முடியாமல் கிடந்ததால், மட்டத்தைக் கட்டுப்படுத்தும் வழியே இல்லாமல் போயிற்று. சில நாட்களில் அது நாளுக்கு ஒரு மீட்டருக்கும் மேல் ஏறியது. ஜூன் 3 அன்று அணைக்குக் கீழே வலது கரையில் தெளிந்த ஊற்றுகள் தென்பட்டன. ஜூன் 5 காலை ஏழு மணியளவில் அணையின் அடிவாரத்தில் வந்த நீர் கலங்கியிருந்தது.

தெளிந்த கசிவு பாறை வழியாக வரும் நீர். அதை அளந்து கண்காணிக்கலாம். கலங்கிய கசிவு அணையின் மண்ணையே கரைத்துக்கொண்டு வரும் நீர். அது தொடங்கிவிட்டால் அவகாசம் நாட்கணக்கில் இல்லை, மணிக்கணக்கில்தான். அன்று காலை பத்தரை மணிக்கு அணையின் முகத்திலேயே ஓட்டை விழுந்தது. அதை மூட அனுப்பிய இரண்டு புல்டோசர்களும் அந்தக் குழிக்குள் சரிந்தன. பதினொரு மணியளவில் நீர்த்தேக்கப் பக்கம் சுழல் தோன்றியது. நண்பகலுக்குச் சில நிமிடங்களுக்கு முன் அணையின் உச்சி இடிந்து விழுந்தது.

காரணத்தை ஆராய்ந்த சுயேச்சை வல்லுநர் குழு, அந்த ஆண்டே அறிக்கை தந்தது. பாறை மோசமானது என்று சொல்லி அது நிறுத்திக்கொள்ளவில்லை. அத்தகைய பாறை என்று தெரிந்தும், அரிபடும் மண்ணுக்குத் தகுந்த பாதுகாப்பைக் கொடுக்காத வடிவமைப்பே காரணம் என்றது. கலவைத் திரையை மட்டும் நம்பியதே அடிப்படைப் பிழை. திரை முதல் அரண். பாறையின் முகத்தைப் பூசி மூடுவது இரண்டாவது. மணல் வடிகட்டி மூன்றாவது. முதலாவது தவறினாலும் மற்றவை தாங்க வேண்டும். டீட்டனில் இரண்டாவது அரைகுறை. மூன்றாவது இல்லவே இல்லை.

எல்லாக் கசிவும் அணையை உடைத்துவிடுவதில்லை. ஆனால் அணையை உடைக்காத கசிவுக்கும் விலை உண்டு. இலங்கையில் வளவை கங்கையின் குறுக்கே கட்டிய சமனலவெவ அணையின் வலது கரையில் கரைந்து ஓட்டையான சுண்ணாம்புப் பாறை இருக்கிறது. மலைக்குள் சுரங்கம் வெட்டி அதிலிருந்து கலவைத் திரை போட்டும், 1992 அக்டோபரில் அணைக்குக் கீழே கரை வெடித்து நீர் பீறிட்டது. அணை நிலைத்தது, கசிவும் நிலைத்தது. பிற்பாடு படகுகளில் மண்ணைக் கொண்டுபோய் நீர்த்தேக்கத்தின் அடியில் கொட்டிப் பார்த்தும் முழுதாக நிற்கவில்லை. மின்சாரம் ஆகியிருக்க வேண்டிய நீர் ஆண்டுக்கணக்கில் மலை வழியே போய்க்கொண்டிருக்கிறது.

ஆய்வுக்குச் செலவும் காலமும் ஆகும், வெள்ளாமைக்குத் தண்ணீர் காத்திருக்காது என்ற வாதம் ஒவ்வோர் அணைக்கும் எழும். அதில் ஓரளவு நியாயமும் உண்டு. பூமிக்கு அடியில் இருப்பது முழுவதையும் எந்த ஆய்வும் காட்டிவிடாது. ஆனால் முழுவதும் தெரியாது என்பதே அரண்களைக் கூட்டுவதற்கான காரணம். ஆய்வைக் குறைப்பதற்கான காரணம் ஆகாது. ஒப்பந்தத்தில் கலவையின் அளவுக்கு உச்சவரம்பு வைத்து, அது தீர்ந்ததும் வேலை முடிந்ததாகக் கணக்கு எழுதும் வழக்கம் அபாயமானது. எவ்வளவு மூட்டை சிமெண்ட் இறங்கியது என்பது கேள்வியே அல்ல. சோதனைத் துளையில் எத்தனை லூஜியான் என்பதே கேள்வி.

இந்தியாவின் 2021ஆம் ஆண்டு அணைப் பாதுகாப்புச் சட்டம், முதல் முறை நீர் தேக்குவதற்கு முன் திட்டம் வகுக்கவும், பாதுகாப்பு ஆய்வு செய்யவும் சொல்கிறது. அந்த ஆய்வு வெறும் கையெழுத்தாக முடியாமல் இருக்க நான்கு ஆவணங்களைக் கட்டாயமாக்க வேண்டும். தோண்டிய அடித்தளத்தின் ஒவ்வொரு பிளவையும் காட்டும் வரைபடம், அதில் நிலவியலாளரின் ஒப்பம். கலவைக்குப் பிந்தைய சோதனைத் துளைகளின் லூஜியான் கணக்கு. பாறையைத் தொடும் மண்ணுக்கு வடிகட்டி இருக்கிறது என்ற சான்று. மட்டத்தை இறக்கக்கூடிய மதகு இயங்குகிறது என்ற சான்று. இவற்றைப் பொதுமக்கள் பார்க்கும்படி வெளியிட வேண்டும். நான்கில் ஒன்று இல்லாவிட்டாலும் அணையின் கதவை மூட அனுமதி தரக்கூடாது.