ஹோஸ் மேல பழி போடாதீங்க சாமி!

முன்குறிப்பு: மெக்கானிக்கல் படிச்சிட்டு சாப்ட்வேர்ல பொட்டி தட்டுற கோஷ்டியைச் சேர்ந்தவன் நான். அதனால இது கொஞ்சம் குற்ற உணர்ச்சியோட எழுதுற பதிவு :-)

போன வருசம் லீவுக்கு செவ்வாய்ப்பேட்டை வீட்டுக்குப் போயிருந்தேன். திருச்செங்கோட்டு மாமா வந்திருந்தார். அவருக்கு ஒரு போர்வெல் ரிக் வண்டியில பங்கு இருக்கு. வந்ததும் வராததுமா ஒரு கிழிஞ்ச ஹைட்ராலிக் ஹோஸைத் திண்ணையில போட்டார். "மாப்ள, மூணு மாசத்துக்கு ஒண்ணு புடுங்கிக்குது. கடைக்காரன் டூப்ளிகேட் குடுக்கறான். இல்லைன்னா அந்த ஹெல்பர் பய சரியா மாட்டறதில்லை. அவன் சம்பளத்துல பிடிச்சாத்தான் புத்தி வரும்."

அங்கேதான் எனக்குக் கோபம் வந்துச்சு. ஹோஸ் தரமானதுதான். பையனும் சொன்னபடிதான் மாட்டியிருக்கான். தப்பு பண்ணது, மாஸ்ட்ல பிராக்கெட்டை வெல்டிங் வெச்ச மகராசன்!

ரிக் வண்டி பார்த்திருப்பீங்க. மாஸ்ட்ல ஒரு ஹெட் மேலயும் கீழயும் ஓடும். ராடைச் சுத்துற மோட்டார் அதுலதான் இருக்கு. மோட்டாருக்கு ஆயில் கொண்டு போற ஹோஸும் கூடவே ஓடணும். ஒரு முனை மாஸ்ட் நடுவுல பிராக்கெட்டில் நிலையா இருக்கும், இன்னொரு முனை ஹெட்டோட நகரும். ரெண்டும் கீழ்நோக்கி இருக்க, நடுவுல ஹோஸ் 'U' மாதிரி தொங்கும். ஹெட் போற இடத்துக்கெல்லாம் அந்த வளைவும் உருண்டு உருண்டு போகும்.

மாமா வண்டியில இருந்தது முக்கால் இஞ்ச், ரெண்டு கம்பிப் பின்னல் போட்ட ஹோஸ். '2SN'னு மேலேயே அச்சடிச்சிருக்கும். இந்த வகைக்கு ஐரோப்பியத் தரம் (EN 853) சொல்ற குறைந்தபட்ச வளைவு ஆரம் 240 மி.மீ. இது வளைவோட உள்பக்கம் அளக்கிற அளவு. நம்ம கேட்-காரங்க ஸ்கிரீன்ல வரையற கோடு ஹோஸோட மையக்கோடு. வெளிவிட்டம் சுமார் 30 மி.மீ. ஆக, மையக்கோட்டுக்கு 240 + 15 = 255 வேணும். ஸ்கிரீன்ல 240 வெச்சுட்டு "பாஸ்"னு சொல்ற நண்பர்களே, அது பாஸ் இல்லை, அரியர்!

சரி, U வளைவுக்கு ரெண்டு முனைக்கும் நடுவுல எவ்வளவு இடைவெளி வேணும்? 255-ஐ ரெண்டால பெருக்கினா 510 மி.மீ. மாமா வண்டியில டேப் வெச்சு அளந்தேன். 300! அப்போ மையக்கோட்டு ஆரம் 150, உள்பக்கம் 135. கேட்டது 240, கிடைச்சது 135. இதுல ஹோஸ் உழைக்கலையேன்னு கடைக்காரனைத் திட்டறது என்ன நியாயம்?

"கொஞ்சம் கூட வளைச்சா என்னப்பா, ரப்பர்தானே?" ரப்பர் இல்லீங்க மாமா. அழுத்தத்தைத் தாங்கறது உள்ள இருக்கிற கம்பிப் பின்னல். வளைச்சா வெளிப்பக்கம் கம்பிகள் விலகும், உள்பக்கம் நெருக்கியடிக்கும். விலகின இடத்துல பாரத்தைக் கொஞ்சம் கம்பிகளே சுமக்கும். அழுத்தம் ஏறி இறங்கறப்ப எல்லாம் ஹோஸ் நிமிரப் பார்க்கும், கம்பி ஒண்ணோட ஒண்ணு உரசும், கடைசியில ஒவ்வொண்ணா அறுந்து போகும். இன்னொரு விசயம். இந்த ஹோஸைத் தரச்சோதனை பண்றப்ப, அந்தக் குறைந்தபட்ச ஆரத்துல வளைச்சு வெச்சு, வேலை அழுத்தத்தைவிட மூணுல ஒரு பங்கு கூட்டி, 2 லட்சம் தடவை அழுத்தம் ஏத்தி இறக்குவாங்க. ஆக, ஹோஸ் மேல அச்சடிச்ச 'பார்' கணக்கு அந்த ஆரம் வரைக்கும்தான் செல்லும். அதைவிட மடக்கினா அந்த எண்ணுக்கு மரியாதை கிடையாது.

ஹோஸ் சொன்ன சாட்சியைக் கேளுங்க. பிராக்கெட் பக்க முனையில, பிட்டிங்கை அமுக்கியிருக்கிற குப்பி வாய்கிட்டயே வெடிப்பு. ஏன் அங்கே? ஹெட் உச்சிக்குப் போறப்ப பிராக்கெட் பக்கம் நேரான பகுதி காலியாகி, வளைவு பிட்டிங் வாயிலேயே ஆரம்பிக்குது. பிட்டிங் தாண்டி ஹோஸ் விட்டத்துல ஒன்றரை மடங்காவது, அதாவது இங்கே 45 மி.மீ., நேரா போன பிறகுதான் வளையணும். வளைவுக்கு வெளிப்பக்கம் விரிசல், உள்பக்கம் தட்டையான தழும்பு. ஆரம் பத்தலைங்கறதுக்கு இதைவிட என்ன சாட்சி வேணும்? ஹோஸ் முழுக்க ஒரே மாதிரி வெடிப்பு விட்டிருந்தா, அப்போ தரத்தையோ வயசையோ சூட்டையோ சந்தேகப்படலாம். ஒரே இடத்துல திரும்பத் திரும்பப் போனா, குத்தவாளி பாதைதான்.

மாமா விடலை. "அப்ப இன்னும் ஹெவியா நாலு கம்பி ஹோஸ் போட்டுறலாம்." ஐயோ! நாலு சுருள் 4SP வகைக்கு இதே முக்கால் இஞ்ச்ல குறைந்தபட்ச ஆரம் 300 மி.மீ. விறைப்பான ஹோஸை இன்னும் அதிகமா மடக்கப் போறீங்க. காசையும் குடுத்து கேட்டையும் வாங்கறது இதுதான்.

நீளக் கணக்குலயும் கோளாறு. ஹெட்டைக் கீழ இறக்கி, கயிறு பிடிச்சு இழுத்து அளந்து, "இம்புட்டு வெட்டு"ன்னு வாங்கியிருக்காங்க. ஹெட் ஓட்டம் 6 மீட்டர். பிராக்கெட் சரியா நடுவுல இருந்தா கணக்கு இவ்வளவுதான்:

```
L = S/2 + π·r + நேர் முனைகள்
  = 3000 + 3.14 × 255 + 2 × 45
  ≈ 3890 மி.மீ.
```

இதோட நின்னா போதாது. அழுத்தம் ஏறினா இந்த மாதிரி ஹோஸ் 4 சதவீதம் வரைக்கும் சுருங்கலாம். கிட்டத்தட்ட 4 மீட்டர் ஹோஸ்ல அது 15 சென்டிமீட்டருக்கு மேல. இழுத்துப் பிடிச்சு வெட்டினா அந்தச் சுருக்கம் நேரா பிட்டிங் வாயைத்தான் பிடிச்சு இழுக்கும். 3890-ஐ 0.96-ஆல வகுத்தா சுமார் 4050. நான் 4.1 மீட்டர் வாங்கச் சொன்னேன்.

பிராக்கெட்டை வெட்டி, ஒரு ஆங்கிள் வெச்சு 210 மி.மீ. வெளியே தள்ளினோம். ரெண்டு முனையும் ஒரே தளத்துல இருக்கான்னும் பார்த்தோம். ஒரு தளத்துல வளையற ஹோஸைக் குறுக்கயும் திருப்பினா முறுக்கு விழும். ஹோஸ் மேல அச்சடிச்ச எழுத்து வரிசை நேரா ஓடுதா, கயிறு மாதிரி சுத்திக்கிட்டு ஓடுதான்னு பார்த்தாலே தெரிஞ்சுரும். (கசிவு இருக்கான்னு கையால தடவிப் பார்க்காதீங்க. ஊசி ஓட்டை வழியா வர்ற ஆயில் தோலைத் துளைச்சு உள்ள போயிரும். அட்டை வெச்சுப் பாருங்க.)

என் சண்டை மாமாவோட மட்டும் இல்லை மக்களே, நம்ம டிசைன் கோஷ்டியோடவும்தான். பம்ப், வால்வு, பிராக்கெட் எல்லாத்துக்கும் இடம் ஒதுக்கிட்டு, கடைசியில "ஹோஸ்தானே, வளைஞ்சு போயிரும்"னு ஒரு கோடு இழுக்கறோம். ஹோஸுக்கும் உருவம் உண்டு, அதுக்கும் இடம் வேணும். பிராக்கெட் எங்கேன்னு முடிவு பண்றதுக்கு முன்னாடியே அந்த 510 மி.மீ. ஒதுக்கியிருக்கணும். ஸ்கிரீன்ல அது ரெண்டு கிளிக். வெல்டிங் வெச்ச பிறகு கட்டிங் வீல், ஆள் கூலி, நிக்கிற வண்டி. அதுக்கும் மேல, தப்பே பண்ணாத ஒரு பையனோட சம்பளம்.

ஒரு வருசம் தாண்டிருச்சு. அந்த ஹோஸ் இன்னும் ஓடுது. போன வாரம் மாமாகிட்ட போன்ல கேட்டேன், "பையன்கிட்ட பிடிச்ச காசைத் திருப்பிக் குடுத்துட்டீங்களா?"

"சாப்டியா மாப்ள?"ன்னார்.

அடுத்த லீவுக்கு ஊருக்குப் போறப்ப அந்தக் கணக்கையும் டேப் வெச்சு அளக்கணும்.